மின்வெட்டில் 1 டன் ஸ்பிளிட் ஏசி ஓட எவ்வளவு பேட்டரி, எத்தனை சோலார் பேனல்?

கருவேலங்காடு (திருமங்கலம்)
ஏப்ரல் 9, இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாசம் ஆகுது, படுத்த படுக்கைதான். வியர்த்தா முதுகுல புண் வந்துடுது. அதனால அவர் அறையில ராத்திரி முழுக்க ஏசி ஓடணும். அறை 10க்கு 12 அடி, மேல நேரா மொட்டை மாடி. ஏசி 1 டன், ஐந்து நட்சத்திரம், இன்வெர்ட்டர் வகை, வாங்கி ரெண்டு வருசம் ஆச்சு.

எங்க பக்கம் கோடையில ராத்திரி 10 மணிக்கு மேல கரண்ட் போனா சில நாள் 3 மணி நேரம் வராது. மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்துற அன்னைக்கு காலையில 9 மணிக்குப் போனா சாயங்காலம்தான்.

இப்ப வீட்டுல 1100 வி.ஏ இன்வெர்ட்டரும் 150 ஏ.எச் டியூபுலர் பேட்டரி ஒண்ணும் இருக்கு. ஒரு கடையில "நாலு பேனல் மாட்டுங்க, இருக்கிற பேட்டரியே போதும்"னு சொல்றாங்க. இன்னொரு கடையில "5 கே.வி.ஏ இன்வெர்ட்டர், நாலு பேட்டரி இல்லாம ஏசியைத் தொடாதீங்க"ங்கிறாங்க. ரெண்டுக்கும் நடுவுல லட்சத்துக்கு மேல வித்தியாசம். யாரை நம்புறது?

---

வெயில்_அறுவடை (விருதுநகர்)
ஏப்ரல் 10, காலை 6:55

முதல் கடைக்காரர் சொன்னதுதான் சரி நண்பரே. 1 டன் ஏசி 1000 வாட்தான் இழுக்கும். 540 வாட் பேனல் நாலு போட்டா 2160 வாட். ஏசிக்குத் தேவையானதைப் போல ரெண்டு மடங்கு. பேட்டரிக்குக் காசைக் கொட்டாம அதைப் பேனலில் போடுங்க, 25 வருசம் நிக்கும். என் பட்டறையில பகல் முழுக்க ஏசி பேனலிலேயே ஓடுது. பேட்டரி சும்மா பேருக்குத்தான் இருக்கு.

---

செம்புக்கம்பி (கோவில்பட்டி)
ஏப்ரல் 10, காலை 9:20

விருதுநகர் நண்பர் சொல்வது பகலுக்குச் சரி. ஆனால் கேட்டவருக்குக் கரண்ட் போவது ராத்திரி 10 மணிக்கு. அந்த நேரத்தில் மாடியில் 4 பேனல் இருந்தாலும் 40 பேனல் இருந்தாலும் ஒரு வாட் வராது. ராத்திரி மின்வெட்டு பேட்டரியின் கணக்கு. பேனலின் வேலை, தீர்ந்த பேட்டரியை மறுநாள் நிரப்புவதும் பகல் வெட்டைத் தாங்குவதும்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் ஒரு கடை 4 பேனல் என்கிறது, இன்னொன்று 4 பேட்டரி என்கிறது.

தம்பி, டன்னை வைத்து எதுவும் வாங்க வேண்டாம். முதலில் உங்கள் ஏசி உங்கள் அறையில் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து பாருங்கள். கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை, உங்கள் வீட்டு ஈபி மீட்டரே போதும். மீட்டரில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 3200 imp/kWh அல்லது 1600 imp/kWh என்று அச்சிட்டிருக்கும். 3200 என்றால் ஒரு யூனிட்டுக்கு 3200 முறை மின்னும்.

பிரிட்ஜ், மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஏசியை மட்டும் ஓட விடுங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். மீட்டரில் 1600 என்றிருந்தால் கீழே 3200 உள்ள இடத்தில் 1600 போடுங்கள்.

```
வாட் = ஒரு நிமிட மின்னல் × 60000 ÷ 3200
```

ஏசி போட்ட ஐந்தாவது நிமிடம் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, நடுராத்திரி ஒரு முறை எண்ணுங்கள். அதோடு 10 மணிக்கு மீட்டரில் என்ன ரீடிங், 1 மணிக்கு என்ன ரீடிங் என்றும் எழுதிவையுங்கள். அந்த எண்களோடு வாருங்கள், மிச்சத்தைப் பேசலாம்.

---

தென்றல்72 (கோயம்புத்தூர்)
ஏப்ரல் 10, மதியம் 2:05

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. போன வருடம் சூர்யா கர் திட்டத்தில் மானியம் 78,000 கிடைத்தது, 3 கிலோவாட் போட்டிருக்கிறேன். பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் என் வீட்டில் மின்விசிறிகூடச் சுற்றுவதில்லை. பழுதா என்று மூன்று முறை ஆளை வரவழைத்துவிட்டேன். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஏசிக்கு என்ன செய்வது என்று யாராவது சொன்னால் எனக்கும் பயன்படும்.

---

செம்புக்கம்பி
ஏப்ரல் 10, மாலை 6:30

அம்மா, உங்களுடையது பழுது இல்லை. அது ஈபி லைனோடு சேர்ந்து மட்டுமே ஓடும் வகை. லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்தவுடன் அது தானே நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மாடியிலிருந்து கரண்ட் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். வாங்கும்போதே உங்களிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இருக்கிற பேனலை அப்படியே விட்டுவிட்டு, ஏசிக்கும் விசிறிக்கும் தனியாக ஒரு பேட்டரி இன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளலாம். பேட்டரியை ஈபி கரண்டே நிரப்பிக்கொள்ளும். பேனலையும் அதோடு இணைக்க வேண்டும் என்றால் இப்போதுள்ள பெட்டியை ஹைப்ரிட் வகைக்கு மாற்ற வேண்டும். மானியத்தில் போட்ட அமைப்பு என்பதால் யாரிடமும் அதைக் கழற்றக் கொடுக்கும் முன் உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

---

கருவேலங்காடு
ஏப்ரல் 12, காலை 7:15

அண்ணே, ரெண்டு ராத்திரி உட்கார்ந்து எண்ணிட்டேன். மீட்டர்ல 3200தான் போட்டிருக்கு. ஏசி 26ல வெச்சேன்.

போட்ட அஞ்சாவது நிமிசம் 50 தடவை. ஒரு மணி நேரம் கழிச்சு 22. நடுராத்திரி 12 மணிக்கு மேல 20. ரீடிங் 10 மணியிலிருந்து 1 மணிக்குள்ள 1.6 யூனிட் ஏறியிருக்கு. அதாவது முதல்ல 937 வாட், அப்புறம் 412, கடைசியில 375ன்னு வருது. ஏசி 1000 வாட்னு நெனச்சிக்கிட்டிருந்தேன், பாதிக்கும் கீழ இறங்கிடுது!

அறையில ரெண்டு விசிறியும் ஒரு விளக்கும் கூட ஓடும். அப்பாவோட காற்று மெத்தைக்கு ஒரு சின்ன பம்பும் இருக்கு. எல்லாம் சேர்த்து 150 வாட் வரும்.

---

செம்புக்கம்பி
ஏப்ரல் 12, இரவு 8:50

அருமையாக எண்ணியிருக்கிறீர்கள். இன்வெர்ட்டர் வகை ஏசியின் குணமே இதுதான். அறை சூடாக இருக்கும்போது முழு மூச்சாக ஓடும், குளிர்ந்தபின் மெதுவாகிவிடும். இதிலிருந்து இரண்டு தனித்தனி எண்கள் கிடைக்கின்றன. இன்வெர்ட்டரின் அளவை அந்த 937 தீர்மானிக்கும். பேட்டரியின் அளவை அந்த 1.6 யூனிட் தீர்மானிக்கும். ஒன்றை வைத்து இன்னொன்றை முடிவு செய்யக் கூடாது.

முதலில் இன்வெர்ட்டர். 937 வாட்டோடு உங்கள் 150 சேர்த்தால் கிட்டத்தட்ட 1090. வீட்டில் இருக்கும் 1100 வி.ஏ பெட்டி உண்மையில் 900 வாட் அளவுக்குத்தான் தாங்கும், அதனால் அது வேண்டாம். முழுத் திறனில் திணறும் இன்வெர்ட்டர் வெயில் காலத்தில் சூடாகி நின்றுவிடும். கொஞ்சம் இடம் விட்டு 2 முதல் 2.5 கே.வி.ஏ, 24 வோல்ட், சைன் வேவ் எடுங்கள். உங்கள் ஏசிக்கு 5 கே.வி.ஏ தேவையே இல்லை. அந்தக் கடைக்காரர் பழைய வகை ஏசியை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்.

அடுத்து பேட்டரி. 3 மணி நேரத்துக்கு ஏசி 1.6 யூனிட், மற்றவை 0.45 யூனிட், ஆக ஏறக்குறைய 2.05. பேட்டரி கரண்டை ஏசி கரண்டாக மாற்றும்போது நூற்றுக்கு 15 போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பேட்டரியிலிருந்து 2.4 யூனிட் வெளியே வர வேண்டும். லித்தியத்தை 80 சதவீதம் வரை காலி செய்யலாம், அப்போது 3 யூனிட் கொள்ளளவு போதும். 25.6 வோல்ட் 150 ஏ.எச் எடுத்தால் 3.84 யூனிட். நாலு வருடம் கழித்துக் கொஞ்சம் தேய்ந்த பிறகும் சமாளிக்கும். 25.6 வோல்ட் 100 ஏ.எச் என்றால் 2.56 யூனிட்தான், மூன்றாவது மணியில் கையை விரித்துவிடும்.

டியூபுலரைப் பாதிக்கு மேல் காலி செய்யாமல் இருந்தால்தான் ஆயுள் நிற்கும். எனவே 4.8 யூனிட் வேண்டும். 12 வோல்ட் 200 ஏ.எச் இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட் 200, அது 4.8 யூனிட். கணக்கு மட்டுமட்டாக நிற்கிறது.

இப்போது இருக்கிற ஒற்றை 150 ஏன் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் எழுதியிருக்கும் 150 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால், அதாவது 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. 12 வோல்ட்டில் 1090 வாட் எடுக்க 100 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் வோல்டேஜ் உடனே சரிந்துவிடும். பேட்டரியில் பாதிச் சரக்கு இருக்கும்போதே இன்வெர்ட்டர் கூவி நின்றுவிடும்.

---

வெயில்_அறுவடை
ஏப்ரல் 12, இரவு 9:30

ராத்திரி வெட்டுன்னு நான் சரியாப் படிக்கல, மன்னிக்கணும். ஆனா பகல் வெட்டுக்கு நாலு பேனல் வேணும்ங்கறதுல மாத்தம் இல்ல.

---

பொன்னி_கரை (கும்பகோணம்)
ஏப்ரல் 13, காலை 10:10

நான் இருபது வருடமாக பேட்டரி வியாபாரம் செய்கிறேன். லித்தியம் லித்தியம் என்று எல்லோரும் ஓடுகிறார்கள். டியூபுலர் கெட்டால் எந்த ஊரிலும் பார்க்க ஆள் இருக்கிறார், பழசைக் கொடுத்தால் ஈயத்துக்கு விலை கிடைக்கும். லித்தியத்தில் உள்ளே இருக்கும் போர்டு ஒன்று போனால் மொத்தப் பெட்டியும் வாரக் கணக்கில் கம்பெனிக்குப் போய்விடும். அதுவரை படுக்கையில் இருக்கும் பெரியவர் என்ன செய்வார்? 200 ஏ.எச் இரண்டு போடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், ஐந்து வருடம் கவலை இல்லை.

---

செம்புக்கம்பி
ஏப்ரல் 13, மதியம் 1:40

சர்வீஸ் விஷயத்தில் ஐயா சொல்வதை நான் மறுக்க மாட்டேன். நானும் பார்த்திருக்கிறேன். லித்தியம் எடுத்தால் பழைய 1100 வி.ஏ பெட்டியையும் டியூபுலரையும் விற்காமல் விசிறி, மெத்தை பம்பு இரண்டுக்கும் மாற்றாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஆனால் இரண்டு விஷயம். இந்த வேலைக்கு டியூபுலர் நிரம்ப நேரம் ஆகும். ராத்திரி பாதி காலியானால் முழுதாக நிரம்ப 8, 10 மணி நேரம். சாயங்காலம் மறுபடி வெட்டு வந்தால் அரைகுறையாக நிற்கும். தினமும் அரைகுறையாக நின்றால் தகட்டில் உப்புப் படிந்து கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். இரண்டாவது, அப்பா படுத்திருக்கும் அறையில் டியூபுலர் வைக்கவே கூடாது. நிரம்பும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அறையோ ஏசிக்காக மூடியிருக்கும். வெளியே காற்றோட்டமான இடம் இருந்தால் மட்டும் டியூபுலர்.

---

பொன்னி_கரை
ஏப்ரல் 13, மதியம் 3:15

அறைக்குள் வேண்டாம் என்பது சரி, வராந்தாவில் வைக்கலாம். ஆயுள் விஷயத்தில் எனக்கு வேறு அனுபவம். ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியவர் வீட்டில் ஏழு வருடம் பார்த்திருக்கிறேன்.

---

நல்லூரடி (யாழ்ப்பாணம்)
ஏப்ரல் 14, காலை 8:00

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். எங்கட வீட்டில 1.5 டன், பழைய ஏசி, இன்வெர்ட்டர் வகை இல்லை. 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளும் இருந்தது. அப்ப வாங்கின 3.5 கே.வி.ஏ இன்வெர்ட்டரும் 48 வோல்ட் லித்தியமும் இருக்கு. ஏசி தகட்டில 1700 வாட் எண்டுதான் போட்டிருக்கு. போட்டால் உள்ளுக்குக் காத்து வருது. மூண்டு நிமிசம் கழிச்சு வெளியில இருக்கிற பெட்டி ஒருக்கா இரைஞ்சு, இன்வெர்ட்டர் OVERLOAD எண்டு காட்டி நிண்டு போகுது. 3.5க்கு 1.7 பாதிதானே, ஏன் தாங்குதில்லை? இன்னொரு பேட்டரி சேர்த்தால் சரிவருமோ?

---

செம்புக்கம்பி
ஏப்ரல் 14, இரவு 7:45

ஐயா, பேட்டரி சேர்த்தால் சரியாகாது. மூன்று நிமிடம் என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. முதல் மூன்று நிமிடம் ஏசி கம்பிரசரை ஓட விடாது, உள் விசிறி மட்டும் சுற்றும். அதுவரை இன்வெர்ட்டருக்குச் சிரமமில்லை. பழைய வகைக் கம்பிரசர் கிளம்பும் அந்த அரை நொடியில் ஓடும் கரண்டைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். வெளிப்பெட்டியிலோ கம்பிரசர் மேலோ உள்ள தகட்டில், கிளம்பும்போது இழுக்கும் அந்தக் கரண்டைக் குறிக்கும் LRA என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். 1.5 டன்னுக்கு 35, 40 ஆம்பியர் என்று இருக்கும். 230 வோல்ட்டில் அது 8000 வி.ஏ தாண்டும். உங்கள் 3.5 கே.வி.ஏ நொடிப்பொழுதுக்கு இரண்டு மடங்கு தாங்கினாலும் 7000தான். கருவேலங்காடு தம்பியின் ஏசி மெதுவாக வேகமெடுத்துக் கிளம்பும், அதனால்தான் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

முதலில் வெளிப்பெட்டியில் உள்ள கெப்பாசிட்டரை ஒரு ஏசி மெக்கானிக்கிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அது இளைத்துப் போயிருந்தால் கம்பிரசர் கிளம்பவே திணறி, அதிகக் கரண்டை அதிக நேரம் இழுக்கும். அதை மாற்றியே ஒரு வீட்டில் சரியாகியிருக்கிறது. அதன் பிறகும் நின்றால் சாஃப்ட் ஸ்டார்டர் என்று ஒன்று வருகிறது. எனக்கு இரண்டு வீட்டில் வேலை செய்தது, ஒரு வீட்டில் செய்யவில்லை. அதனால் வாங்குங்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

---

நல்லூரடி
ஏப்ரல் 14, இரவு 9:10

நல்ல விளக்கம், நன்றி. தகட்டில LRA 38 எண்டு இருக்கு. நான் இவ்வளவு காலமும் பேட்டரியைத்தான் குறை சொல்லிக்கொண்டு இருந்தனான்.

---

கருவேலங்காடு
ஏப்ரல் 15, காலை 6:40

அண்ணே, லித்தியம் 25.6 வோல்ட் 150 ஏ.எச்னு முடிவு பண்ணிட்டோம். பழைய பெட்டியையும் வெச்சுக்கிறோம். இப்ப பேனல் எத்தனை? மாடியில கிழக்குப் பக்கம் தண்ணி தொட்டி நிழல் காலையில 9 மணி வரைக்கும் விழும்.

---

செம்புக்கம்பி
ஏப்ரல் 15, இரவு 9:00

பேனல் கணக்கை இரண்டு நாளுக்குத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

சாதாரண நாளில் ராத்திரி வெட்டு முடிந்து கரண்ட் வந்தவுடன் ஈபியே பேட்டரியை நிரப்பிவிடும். அந்த நாளுக்குப் பேனலே தேவையில்லை. பணம் நெருக்கடி என்றால் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் இப்போது வாங்குங்கள், பேனலை அடுத்த வருடம் போடுங்கள். ஆனால் வாங்கும் பெட்டி பேனல் ஏற்கிற எம்.பி.பி.டி வகையாக இருக்கட்டும்.

பராமரிப்பு நாள்தான் உண்மையான சோதனை. காலை 9 முதல் மாலை 5 வரை 8 மணி நேரம். பகலில் மேல்தளம் காய்வதால் ஏசி ராத்திரியைவிட அதிகம் இழுக்கும். சராசரி 600 வாட் என்று வைத்தால் 4.8 யூனிட். மற்றவை 100 வாட் என்றால் 0.8. ஆக 5.6. இழப்பையும் சேர்த்தால் பேட்டரிப் பக்கத்தில் 6.6 யூனிட்.

நம் பக்கத்தில் 1 கிலோவாட் பேனல் ஒரு நல்ல நாளில் 4 யூனிட் தரும் என்று கணக்குப் போடலாம். 540 வாட் பேனல் இரண்டு என்றால் ஏறக்குறைய 4.3 யூனிட். உங்கள் தொட்டி நிழலில் கொஞ்சம் போகும், 9க்கு முன்னும் 5க்குப் பின்னும் வருவது உங்களுக்குப் பெரிதாக உதவாது. 4 என்று வைப்போம். மீதி 2.6 யூனிட்டைப் பேட்டரி கொடுக்கும், அதாவது மூன்றில் இரண்டு பங்கு காலி. 5 மணிக்குக் கரண்ட் வந்து 10 மணிக்கு மறுபடி போனால், நடுவில் ஈபி எவ்வளவு நிரப்பியதோ அவ்வளவுதான். மூன்று பேனல் என்றால் 6 யூனிட்டுக்கு மேல் வரும், பேட்டரி பெரிதாக இறங்காது. எனக்கு உங்கள் இடத்தில் மூன்று.

இன்னொன்று, 540 என்று எழுதியிருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரி தாண்டும். சூட்டுக்கும் தூசிக்கும் கழித்தால் உச்சி வெயிலில் ஒரு பேனலுக்கு 400 வாட் வந்தால் மகிழ்ச்சி. தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு போதும்.

இணைப்பில் கவனம். 540 வாட் பேனலின் திறந்த வோல்டேஜ், அதாவது லோடு எதுவும் இல்லாதபோது காட்டும் வோல்டேஜ், ஏறக்குறைய 49.5. பல 24 வோல்ட் பெட்டிகள் 100 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இரண்டைத் தொடராக மாட்டினால் 99. மார்கழிக் காலையில் பேனல் குளிர்ந்திருக்கும்போது அது 100 தாண்டும், பெட்டி போய்விடும். உங்கள் பெட்டியின் தகட்டில் உள்ள உச்ச வோல்டேஜைப் பார்த்துவிட்டு, 100 என்றால் மூன்றையும் இணையாக மட்டும் மாட்டச் சொல்லுங்கள். சார்ஜ் கரண்டின் உச்சவரம்பும் 50 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

---

வெயில்_அறுவடை
ஏப்ரல் 16, காலை 7:00

மூணுன்னா நானும் ஒத்துக்கிறேன். ஒரு யோசனை: மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிங்க. என் பட்டறையில பேனல் போட்ட பக்கம் நிழலா இருந்ததால கீழ அறை சூடு குறைஞ்சதைக் கண்ணால பாத்தேன். அப்பா அறைக்கு நேர் மேல பேனலைப் போட்டாலும் நல்லது.

---

கருவேலங்காடு
மே 6, இரவு 10:20

மாட்டி ஒரு வாரம் ஆச்சு. 2.5 கே.வி.ஏ, மூணு பேனல், எல்லாம் அப்பா அறைக்கு மேலேயே. மீதி இடத்துக்கு வெள்ளைப் பூச்சும் அடிச்சோம். ஆனா ரெண்டு சிக்கல்.

ஒண்ணு, கரண்ட் போயி இன்வெர்ட்டர்ல மாறின உடனே ஆர்.சி.சி.பி விழுந்துடுது. ஏசியை மட்டும் அணைச்சா விழல. ரெண்டு, பேட்டரி கேபிள் முனை கை வைக்க முடியாத சூடு. மாட்டின பையன் "ஏசி ஓடினா சூடாகத்தான் செய்யும்"ங்கிறான்.

---

செம்புக்கம்பி
மே 6, இரவு 10:55

தம்பி, இப்போதே ஏசியை இன்வெர்ட்டரில் ஓட்டுவதை நிறுத்துங்கள். சூடாகத்தான் செய்யும் என்பது தப்பு. 24 வோல்ட்டில் 1090 வாட் எடுத்தால் கேபிளில் 50 ஆம்பியருக்கு மேல் ஓடும். முனை ஒழுங்காக இறுகியிருந்தால் வெதுவெதுப்பாக மட்டுமே இருக்க வேண்டும்.

மல்டிமீட்டர் இருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏசி முழு வேகத்தில் ஓடும்போது ஒரு நிமிடம் மட்டும் பேட்டரி முனையில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு இன்வெர்ட்டர் முனையில். இரண்டுக்கும் கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கேபிள் 16 சதுர மி.மீ செம்புக்குக் குறையாமல், ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். லக்கை சுத்தியலால் தட்டி நசுக்காமல் கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். பேட்டரி பக்கத்தில் ஒரு ஃபியூஸும் இருக்கிறதா பாருங்கள்.

ஆர்.சி.சி.பி விழுவது அநேகமாக நியூட்ரல் கலப்பு. ஏசிக்கு இன்வெர்ட்டரிலிருந்து பேஸ் மட்டும் கொண்டுபோய், நியூட்ரலைப் பழைய ஏசி லைனிலேயே விட்டிருப்பார்கள். போன கரண்ட் ஒரு வழி, திரும்பும் கரண்ட் இன்னொரு வழி என்றால் ஆர்.சி.சி.பி அதைக் கசிவு என்றே எடுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டரிலிருந்து பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஏசிக்குத் தனியாக 2.5 சதுர மி.மீ வயரில் இழுக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பியைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள்.

---

தென்றல்72
மே 7, காலை 9:15

நியூட்ரல் பற்றிச் சொன்னதற்கு நன்றி. எனக்கு வேலை செய்ய வருகிறவரிடம் இதை முன்பே காட்டிவிடுகிறேன்.

---

கருவேலங்காடு
மே 14, காலை 6:30

ரெண்டும் சரியாயிடுச்சு அண்ணே. பேட்டரி முனையில 25.9, இன்வெர்ட்டர் முனையில 24.8 இருந்திருக்கு. கேபிள் 10 சதுர மி.மீதான் போட்டிருந்தாங்க, ஒரு லக் லூசா இருந்தது. புதுசு மாத்தின பிறகு வித்தியாசம் 0.2. நியூட்ரல் நீங்க சொன்ன மாதிரியே பழைய லைன்ல இருந்தது.

நேத்து ராத்திரி 11:10க்குப் போன கரண்ட் 1:40க்கு வந்தது. அறை ஏற்கெனவே குளிர்ந்திருந்ததால ஏசி 400க்கு மேல போகல. ரிமோட்ல 60 சதவீதம்னு ஒரு பட்டன் இருக்கு, அதையும் போட்டேன். அப்பா கண்ணே திறக்கல. முதுகு காய்ஞ்சு இருந்தது.

ஒரு சந்தேகம். வெட்டு முடிஞ்சப்ப பேட்டரி ஆப்ல 59ன்னு காட்டுச்சு, இன்வெர்ட்டர் திரையில 80ன்னு காட்டுச்சு. எதை நம்புறது?

---

செம்புக்கம்பி
மே 14, மதியம் 12:20

பேட்டரி ஆப்பை நம்புங்கள். அது உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் எண்ணிச் சொல்கிறது. இன்வெர்ட்டர் வோல்டேஜை வைத்து ஊகிக்கிறது. லித்தியத்தில் 80க்கும் 40க்கும் நடுவே வோல்டேஜ் பெரிதாக மாறாது, அதனால் அந்த ஊகம் தப்பும். கணக்கும் ஒத்து வருகிறது பாருங்கள்: ஏசியும் மற்றவையும் சேர்ந்து இரண்டரை மணி நேரம் 540 வாட் என்றால் 1.35 யூனிட், இழப்போடு 1.6. உங்கள் 3.84ல் அது 41 சதவீதம், மிச்சம் 59.

வாரம் ஒரு முறையாவது முழுதாக 100 வரை நிரம்ப விடுங்கள், ஆப்பின் எண்ணிக்கை அப்போதுதான் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

---

நல்லூரடி
மே 15, காலை 7:50

செம்புக்கம்பி அண்ணை, கெப்பாசிட்டர் மாத்திப் பாத்தம். அளந்தபோது 45க்குப் பதிலா 31தான் இருந்தது. இப்ப பத்துத் தரம் போட்டால் ஏழு தரம் கிளம்புது, மூண்டு தரம் நிக்குது. இனி சாஃப்ட் ஸ்டார்டர் வாங்கிறதோ, ஏசியையே மாத்திறதோ?